பெயரை மாற்றிய பிறகும் 87 சதவீதம் எப்படி வந்தது?

*மேடம், நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி லேப் அசைன்மெண்டை நானே உட்கார்ந்து எழுதினேன். நண்பன் கேட்டான் என்று கொடுத்தேன். அவன் வேரியபிள் பெயர் எல்லாவற்றையும் மாற்றி, புதிதாக கமெண்ட் போட்டு, ஃபங்ஷன்களின் வரிசையையும் மாற்றித்தான் சமர்ப்பித்தான். அப்படியும் 87% ஒற்றுமை என்று வந்து, வெள்ளிக்கிழமை இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெயரே ஒன்றுகூட ஒத்துப் போகாதபோது எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நான்தான் எழுதினேன் என்பது அவர்களுக்குத் தெரியுமா?*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கல்லூரியில் எந்தக் கருவியை ஓட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது பெரிய குறையில்லை. நிரலாக்க லேப்களில் அதிகம் புழங்குபவை இரண்டு. ஒன்று மாஸ். 1994-இல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கியது, இன்றும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து சேவையாகக் கிடைக்கிறது. மற்றது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்த ஜேபிளாக். இதைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. நான் இரண்டையும் பல வருடங்களாக லேப் அசைன்மெண்டுகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். உள்ளே நடக்கும் கணக்கு வேறு வேறு என்றாலும் முதல் படி இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தப் படியிலேயே இருக்கிறது.

கருவி உங்கள் நிரலை நாம் படிப்பதுபோல் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. கம்பைலர் படிப்பதுபோல் சொல், எண், குறி என்று டோக்கன் டோக்கனாகப் பிரித்துக்கொள்கிறது. அப்படிப் பிரிக்கும்போதே கமெண்ட், காலி வரி, இன்டென்டேஷன் எல்லாம் போய்விடும். வேரியபிள், ஃபங்ஷன் பெயர் எதுவாக இருந்தாலும் 'இங்கே ஒரு பெயர் வருகிறது' என்ற ஒரே அடையாளமாக மாறிவிடும். ஒரு சிறிய உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். சராசரிக்கு மேல் மதிப்பெண் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் ஃபங்ஷன் இது:

```c
int count_above(int marks[], int n) {
    int sum = 0, count = 0;
    for (int i = 0; i < n; i++)
        sum += marks[i];
    int avg = sum / n;
    for (int i = 0; i < n; i++)
        if (marks[i] > avg) count++;
    return count;
}
```

இதை வாங்கிய ஒருவர் இப்படி மாற்றிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```c
/* To find the toppers of the class */
int findTopper(int arr[], int size) {
    int total = 0, result = 0;
    for (int k = 0; k < size; k++)
        total += arr[k];
    int mean = total / size;
    for (int k = 0; k < size; k++)
        if (arr[k] > mean) result++;
    return result;
}
```

கண்ணால் பார்த்தால் இரண்டும் வேறு ஆள் எழுதியதுபோல் தோன்றும். பெயர்களை எடுத்துவிட்டு அந்த இடங்களில் `V` என்று மட்டும் போடுங்கள். முதல் ஃபங்ஷனின் தொடக்கம் இப்படி ஆகும்:

```
int V ( int V [ ] , int V ) {
int V = 0 , V = 0 ;
for ( int V = 0 ; V < V ; V ++ )
V += V [ V ] ;
```

இரண்டாவதுக்கும் இதையே செய்து பாருங்கள். ஒரு குறிகூட மாறாமல் இதே வரிசைதான் வரும். உங்கள் நண்பர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெயர் மாற்றியிருக்கலாம். அந்த வேலை முழுவதும் ஒப்பிடுதல் தொடங்கும் முன்பே கழிந்துவிட்டது. ஜேபிளாக் இன்னும் ஒரு படி மேலே போகும். ஜாவா நிரலில் `total += arr[k]` என்ற வரியை 'இங்கே ஒரு மதிப்பிடுதல்' என்று ஒரே டோக்கனாகச் சுருக்கிவிடும். அதனால் `total += arr[k]` என்பதை `total = total + arr[k]` என்று விரித்து எழுதியவரும் தப்புவதில்லை.

சரி, பெயர் போய்விட்டது. ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றியது ஏன் பலிக்கவில்லை? இங்கேதான் மாஸ் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் முறையை ஐக்கனும் அவருடன் இருந்த இருவரும் 2003-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். வின்னோயிங் என்று பெயர் வைத்தார்கள். களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிக்கிறோமே, அதற்கான ஆங்கிலச் சொல்தான் அது.

மேலே உள்ள டோக்கன் வரிசையை ஐந்து ஐந்தாக வெட்டுங்கள். ஆனால் வெட்டிய இடத்திலிருந்து அடுத்ததைத் தொடங்காமல், ஒவ்வொரு டோக்கனாக நகர்ந்து வெட்டுங்கள். `for ( int V =` ஒரு துண்டு, `( int V = 0` அடுத்த துண்டு, `int V = 0 ;` அதற்கடுத்தது. ஒவ்வொரு துண்டையும் ஒரு எண்ணாக மாற்றுகிறார்கள். அதை ஹாஷ் என்போம். ஒரே துண்டு எந்தக் கோப்பில் வந்தாலும் ஒரே எண்தான் கிடைக்கும். நூறு டோக்கனுக்கு ஏறக்குறைய நூறு எண் வந்துவிடுவதால், வகுப்பில் அறுபது பேர் இருந்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது பெரிய சுமை. அதனால் சிலவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றை அந்தக் கோப்பின் கைரேகையாக வைத்துக்கொள்கிறார்கள்.

எப்படிப் பொறுக்குவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு பத்தாவது எண்ணை எடுக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் நண்பர் மேலே ஒரு வரி சேர்த்துவிட்டால் எண்ணிக்கை முழுக்க நகர்ந்துவிடும், உங்கள் பத்தாவதும் அவருடைய பத்தாவதும் வேறு வேறாகிவிடும். அதற்குப் பதிலாக நான்கு நான்கு எண்களை ஒரு ஜன்னல் வழியே பார்த்து, அதில் மிகச் சிறிய எண்ணை எடுக்கிறார்கள். உங்கள் கோப்பில் வரும் எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை:

```
61 23 88 14 52 70 35 91
```

முதல் ஜன்னலில் 61, 23, 88, 14 தெரியும். சிறியது 14. ஒரு அடி நகர்ந்தால் 23, 88, 14, 52. மறுபடியும் 14தான். அடுத்த இரண்டு ஜன்னல்களிலும் 14தான் சிறியது. கடைசி ஜன்னலில் 52, 70, 35, 91 இருக்கும், அங்கே 35. ஆக உங்கள் கைரேகை 14, 35. இப்போது நண்பரின் கோப்பு. அவர் இதே பகுதிக்கு மேலே வேறு எதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்:

```
47 9 30 23 88 14 52 70 35 91
```

இதையும் நகர்த்திப் பாருங்கள். முதல் இரண்டு ஜன்னலில் 9 வரும். அப்புறம் 14, கடைசியில் 35. மேலே என்ன சேர்த்தாலும், அந்தப் பகுதியைக் கோப்பின் அடியில் கொண்டுபோய் வைத்தாலும், 14-உம் 35-உம் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு ஜன்னல் முழுக்க ஒன்றாக இருந்தால் அதன் சிறிய எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். நம் கணக்கில் துண்டு 5 டோக்கன், ஜன்னல் 4 துண்டு. அதனால் தொடர்ந்து 8 டோக்கன் ஒத்துப்போனாலே ஒரு கைரேகையாவது நிச்சயம் பொருந்தும். 5 + 4 − 1 என்ற எளிய கணக்கு. ஒரு துண்டுக்கும், அதாவது 5 டோக்கனுக்கும், குறைவாக ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம் என்று விட்டுவிடுகிறது. உண்மையில் ஓட்டும்போது துண்டும் ஜன்னலும் இன்னும் பெரியவையாக இருக்கும், கணக்கு இதேதான்.

நடுவில் ஒரு `printf` செருகினால்? செருகிய இடத்தின் இருபுறத்தையும் தொடும் 4 துண்டுகள்தான் உடையும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை அப்படியே நிற்கும். ஃபங்ஷன் வரிசை மாறியதற்கும் அதே பதில். ஒரு ஃபங்ஷன் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில் சில துண்டுகள் உடையும், உடல் முழுவதும் அப்படியே இருக்கும். ஜேபிளாக் கைரேகை எடுப்பதில்லை. இரண்டு டோக்கன் வரிசைகளையும் நேரடியாக வைத்து, இருப்பதிலேயே நீளமான பொருத்தத்தை முதலில் தேடி அதை மூடிவிடும். மிச்சத்தில் அடுத்த நீளமானதைத் தேடும். ஓடு பதிப்பதுபோல் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஓடு எந்த வரிசையில் வருகிறது என்பதை அது கேட்பதில்லை.

இப்போது உங்கள் 87-க்கு வருவோம். ஜேபிளாக் சொல்லும் சராசரி ஒற்றுமை என்பது, பொருந்திய டோக்கன்களை இரு கோப்புக்கும் சேர்த்து எண்ணி, இரண்டின் மொத்த நீளத்தால் வகுப்பது. உங்கள் நிரல் 300 டோக்கன், நண்பருடையது 320, பொருந்தியவை 270 என்றால், 540-ஐ 620-ஆல் வகுக்க 87 வருகிறது. நண்பரிடம் அந்த 20 அதிகம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்கலாம். சி மொழியில் `main`-ஐ மேலே கொண்டுபோனால் மற்ற ஃபங்ஷன்களுக்குப் புரோட்டோடைப் எழுத வேண்டும். வரிசை மாற்றியதன் தடமாக அந்த வரிகள் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த 87 ஒரு தீர்ப்பு இல்லை. கருவியைச் செய்தவர்களே அதைக் காப்பியடித்ததற்கான சான்றாக எடுக்கக் கூடாது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் தனியாக ஒரு சதவீதத்தைப் பார்ப்பதும் இல்லை. வகுப்பின் எல்லா இணைகளும் வரிசையாக வரும் பட்டியலில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். பபிள் சார்ட் எழுதச் சொன்னால் பாதி வகுப்புக்கு 70 வரும், அதை வேறு மாதிரி எழுத அதிகம் வழியில்லை. முந்நூறு வரி நூலக மேலாண்மை நிரலில் பெரும்பாலான இணைகள் 20, 30 என்று இருந்து ஒரே ஒரு இணை 80-ஐத் தாண்டி நின்றால்தான் கோப்பைத் திறக்கிறோம்.

நான் இதைத் தவறாகச் செய்த ஒரு முறையைச் சொல்கிறேன். தரவுக் கட்டமைப்பு லேப், வட்ட வரிசை அசைன்மெண்ட். பட்டியலின் உச்சியில் இரண்டு மாணவிகள். நிரலைத் திறந்தால் `enqueue`, `dequeue` இரண்டும் வரிக்கு வரி ஒன்று, `(rear + 1) % MAX` உட்பட. கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு பெண் அழுதுவிட்டாள். மற்றவள் நோட்டைத் திறந்து காட்டினாள். மாலையில் நான் எடுத்த கூடுதல் வகுப்பில் கரும்பலகையில் நானே எழுதிப் போட்டது அது. அன்று வந்திருந்த எட்டுப் பேரும் அதையே எழுதியிருந்தார்கள். மாஸில் ஒரு பகுதி 10-க்கும் மேற்பட்ட நிரல்களில் வந்தால், ஆசிரியர் கொடுத்ததாக இருக்கும் என்று அதுவே கழித்துவிடும். எட்டுப் பேர் என்பதால் கழியவில்லை. அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து பலகையில் எழுதுவதை எல்லாம் ஒரு கோப்பில் வைத்து, கருவிக்கு முன்னதாகவே கொடுத்துவிடுகிறேன்:

```
moss -l c -b board.c *.c
```

`-b` என்பது 'இதில் உள்ளது எல்லோரிடமும் இருக்கலாம், கணக்கில் சேர்க்காதே' என்று சொல்வது. உங்கள் அசைன்மெண்டிலும் ஆசிரியர் பாதி நிரலைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லியிருந்தால், அந்தப் பாதி கழிக்கப்பட்டதா என்று வெள்ளிக்கிழமை பணிவாகக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

இனி, கோப்பைத் திறந்த பிறகு நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். பலர் நினைப்பதற்கு மாறாக, சரியாக எழுதிய இடங்கள் எங்களுக்கு அதிகம் சொல்வதில்லை. சரியான நிரல் ஒத்துப்போகலாம். இருவரிடமும் ஒரே பிழை, ஒரே தேவையில்லாத வேலை இருந்தால்தான் நின்று பார்க்கிறோம். அறிவித்துவிட்டு எங்குமே பயன்படுத்தாத ஒரு `temp`. ஒரு முறை கூட்டி, அதையே இன்னொரு இடத்தில் மறுபடி கூட்டுவது. எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஓடாத ஒரு `else`. இவை இரண்டு பேருக்குத் தனித்தனியாக ஒரே இடத்தில் தோன்றுவது மிக அரிது. அதேபோல் மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகள். கருவி பெரும்பாலும் அவற்றைப் பொருட்படுத்தாது, நான் அவற்றைத்தான் முதலில் படிப்பேன். `"Enter the no of studnets"` என்று இருவரிடமும் இருந்தால், அந்த எழுத்துப்பிழை ஒரே விரலில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அடுத்து, பெயர் மாற்றியதே விட்டுச்செல்லும் தடயம். மேலே கொடுத்த இரண்டாவது ஃபங்ஷனை மறுபடி பாருங்கள். பெயர் `findTopper`. ஆனால் அது முதல் மாணவரைத் தேடவே இல்லை, சராசரிக்கு மேலே இருப்பவர்களை எண்ணுகிறது. நிரல் எழுதியவருக்கு அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று தெரியும், அதனால் பெயர் பொருந்தும். பின்னால் வந்து பெயர் மாட்டியவருக்குப் பல சமயம் தெரியாது. எடிட்டரில் தேடி மாற்றும்போது வரும் விபத்துகளும் உண்டு. வேரியபிள் `total` ஆகிவிட்டது, ஆனால் பழைய கமெண்ட் ஒன்றில் `sum` என்றே நிற்கும். `i`-ஐ `k` என்று மொத்தமாக மாற்றியவர் கையில் `printf` என்பது `prkntf` ஆகி, அவசரத்தில் சில இடங்களில் மட்டும் திருத்தப்பட்டு, ஒரு கமெண்டுக்குள் `prkntf` அப்படியே இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பகுதியில் டேப், இன்னொரு பகுதியில் நான்கு ஸ்பேஸ் என்று கலந்து கிடப்பதும் இந்த வகைதான். அது தனியாக எதையும் நிரூபிக்காது, மற்றவற்றோடு சேர்ந்தால் எடை கூடும்.

இந்த இடத்தில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யார் எழுதியது, யார் எடுத்தது என்று கருவிக்குத் தெரியவே தெரியாது. அது சொல்வது 'இந்த இரண்டும் ஒன்று' என்பது மட்டும். மாஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி சதவீதம் காட்டும். மேலே போட்ட கணக்கில் உங்களுக்கு 90, நண்பருக்கு 84 என்று வரலாம். அதைப் பார்த்து 90 வந்தவர்தான் காப்பியடித்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 90 வந்தவரின் கோப்பு சிறியது, அவ்வளவுதான். இருவருமே மூன்றாவது ஒருவரிடமிருந்து, ஒரு சீனியரின் பழைய நிரலிலிருந்து, எடுத்திருக்கவும் முடியும். அதனால்தான் நான் முந்தைய வருட நிரல்களையும் அதே ஃபோல்டரில் போட்டு ஓட்டுகிறேன். கொடுத்த கோப்புகளுக்குள்தான் கருவி ஒப்பிடும், வெளியே போய்த் தேடாது.

எனவே யார் எழுதியது என்பதைத் தீர்ப்பது பெரும்பாலும் வைவாதான். அங்கே நல்ல ஆசிரியர் 'இந்த வரி என்ன செய்கிறது' என்று கேட்பதில்லை. அதை மனப்பாடம் செய்துவிடலாம். நிரலில் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்யச் சொல்வார். மேலே உள்ள ஃபங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் யாருமே இல்லாமல் `n` 0 ஆக இருந்தால் என்ன ஆகும் என்று நான் முதலில் கேட்பேன். `sum / n` என்ற இடத்தில் பூஜ்ஜியத்தால் வகுக்க நேரும். எழுதியவர் அதை யோசிக்காமல் விட்டிருந்தாலும், கேட்டவுடன் கை அந்த வரிக்குப் போகும்.

அடுத்த கேள்வி இன்னும் உள்ளே போவது. `avg` முழு எண்ணாக இருக்கிறதே, புள்ளிக்குப் பின் உள்ளது போய்விடுமே, விடை தப்பாகாதா? 66, 67, 67 என்ற மதிப்பெண்களுக்குக் கூட்டல் 200, உண்மையான சராசரி 66.67, நிரலில் 66. ஆனாலும் விடை 2 என்று சரியாகவே வருகிறது. மதிப்பெண்களும் முழு எண்கள் என்பதால் 66-ஐவிடப் பெரியது என்றாலும் 66.67-ஐவிடப் பெரியது என்றாலும் அதே ஆட்கள்தான். சரி, 'சராசரிக்குச் சமமாக எடுத்தவரையும் சேர்த்துக்கொள்' என்று `>` குறியை `>=` ஆக மாற்றச் சொல்வேன். இப்போது 66 எடுத்தவரும் உள்ளே வந்து விடை 3 ஆகிவிடும், அவர் சராசரிக்குக் கீழே இருந்தும்கூட. இதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. எழுதியவர் ஒரு தாளை எடுத்து மூன்று மதிப்பெண்ணைப் போட்டுப் பார்ப்பார், நடுவில் 'அட, இது இன்ட்டாக இருக்கிறதே' என்பார். எழுதாதவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

பதற்றத்தில் எதுவும் வராமல் போகும் மாணவர்களும் உண்டு. தாங்களே எழுதியிருந்தும் வாய் திறக்காமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வைவாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நிரல் வளர்ந்த தடயம் உங்களிடம் ஏதாவது இருக்கும். `lab4.c`, `lab4_new.c`, `lab4_final.c` என்று பாதியில் நின்ற கோப்புகள், அவற்றின் தேதி, நேரம். `git` பயன்படுத்தியிருந்தால் `git log` போதும். வேலை செய்யாத பழைய பதிப்பு மிகவும் மதிப்புள்ளது, ஏனென்றால் காப்பியடித்தவரிடம் முடிந்த நிரல் மட்டும்தான் இருக்கும், தப்பாகப் போன நிரல் இருக்காது. ரஃப் நோட்டில் போட்ட கணக்கு, கம்பைலர் பிழையைக் கேட்டு யாருக்காவது அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், இவையும் உதவும். அந்தக் கோப்புகளை இப்போது திறந்து சேமித்துவிடாதீர்கள், தேதி மாறிவிடும். வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் மடிக்கணினியோடு கொண்டுபோங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள்தான் எழுதினீர்கள் என்று நிரூபணமானாலும் விஷயம் முடிந்துவிடாமல் போகலாம். சமர்ப்பிக்கும் நிரலைக் கொடுப்பதையும் பல கல்லூரிகள் தவறாகவே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் லேப் விதிமுறைத் தாளில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நேராக ஒப்புக்கொள்ளுங்கள்: 'நான் எழுதினேன், இந்தத் தேதியில் அனுப்பினேன், அவன் பார்த்துப் புரிந்துகொள்ளக் கேட்டதாக நினைத்தேன்.' உண்மையில் அப்படி நினைத்திருந்தால் மட்டும் கடைசி வாக்கியத்தைச் சொல்லுங்கள். நண்பருடன் உட்கார்ந்து ஒரே கதையைத் தயார் செய்யாதீர்கள். இருவரும் தனித்தனியாக ஒரே சொற்களில் பதில் சொன்னால் விசாரிப்பவருக்கு அது உடனே உறுத்தும். நிரலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்கவும் வேண்டாம். நீங்கள் எப்போது அனுப்பினீர்கள் என்பதற்கு இப்போதைக்கு அதுதான் உங்களிடம் உள்ள ஒரே சாட்சி.

நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். பெயர் மாற்றியதை மறைக்கப் பார்த்தால், `findTopper` போன்ற ஒரு வரி போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். எந்தப் பகுதி புரியாமல் உங்களிடம் கேட்டார் என்று அவர் தானே முன்வந்து சொன்னால், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதித் தரச் சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் அது உங்கள் ஆசிரியரின் முடிவு. வெள்ளிக்கிழமைக்கு முன்பே, முடிந்தால் நாளைக்கே, இருவரும் தனித்தனியாகப் போய் அவரைப் பாருங்கள்.